ரேடாருக்கு வழிவிடும் வைஃபை

வீட்டு வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும்போது சில சமயம் முன்னறிவிப்பில்லாமல் அறுந்துபோகிறது. ஓரிரு நிமிடங்களில் தானாகவே திரும்பியும் வந்துவிடுகிறது. ரவுட்டர் பழுதாகியிருக்காது, இணைய நிறுவனத்தின் கேபிளிலும் குறை இருக்காது. ரவுட்டர் பயன்படுத்திய சேனலில் ரேடாரின் துடிப்பு கேட்டிருக்கும், அல்லது அப்படி ஒன்று கேட்டதாக அது முடிவு செய்திருக்கும். ரேடார் என்று தெரிந்ததும் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட சட்டக் கட்டளை.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதி வைஃபைக்கு முன்பே ரேடார்களுக்கு ஒதுக்கப்பட்டது. வானிலை ரேடார்களும் ராணுவ ரேடார்களும் அங்கே நெடுங்காலமாக இயங்குகின்றன. 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு அந்தப் பகுதியில் வைஃபைக்கும் இடம் கொடுத்தது. ஆனால் ரேடார் இருக்கும் இடங்களில் வைஃபை அதைக் கவனித்து ஒதுங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இந்த ஏற்பாட்டை ரவுட்டரின் அமைப்புப் பக்கம் DFS என்ற பெயரில் காட்டும். இது 52 முதல் 64 வரையிலும், 100 முதல் 144 வரையிலும் உள்ள சேனல்களுக்குப் பொருந்தும். 36, 40, 44, 48 ஆகிய நான்குக்கும் இது கிடையாது. அமெரிக்காவில் 149 முதல் 165 வரையிலான சேனல்களுக்கும் கிடையாது.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் உயிர்ச்சேதத்தின் வரலாறு இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டெல்டா நிறுவனத்தின் 191ஆம் எண் விமானம் டல்லாஸில் தரையிறங்கும்போது, இடிமேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த காற்றில் சிக்கி விழுந்தது. அந்த விபத்துக்குப் பிறகு, இத்தகைய காற்றை முன்கூட்டியே கண்டு விமானிகளை எச்சரிக்க அமெரிக்காவின் பல விமான நிலையங்களுக்கு அருகே தனி வானிலை ரேடார்கள் நிறுவப்பட்டன. அவை 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகின்றன. வைஃபை கணக்கில் இது 120, 124, 128 ஆகிய சேனல்களின் இடம். இந்த ரேடார் மேகத்திலிருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்டு வேலை செய்வது. அதே அலைவரிசையில் அருகிலிருந்து வரும் வைஃபை சிக்னல் அந்த எதிரொலியை மூடிவிடும். 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ரேடாரில் இதுதான் நடந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாக் கருவிகளின் குறுக்கீடு ரேடாரைப் பாதித்ததாக அமெரிக்க அதிகாரிகள் கண்டறிந்தனர். ஆகவே ரவுட்டர் விலகுவதை ஒரு தொல்லையாக மட்டும் பார்க்கக் கூடாது.

விலகும் முறை இப்படி. ரேடார் சேனல் ஒன்றில் ஒலிபரப்பத் தொடங்குமுன் ரவுட்டர் குறைந்தது 60 நொடி மௌனமாகக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார் பகுதிக்கு இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். ரவுட்டரை மீண்டும் இயக்கிய பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். பிறகு இயங்கிக்கொண்டிருக்கும்போதும் கேட்பதை நிறுத்தக் கூடாது. ரேடாரின் துடிப்புகள் மிகக் குறுகியவை, சீரான இடைவெளியில் வருபவை. அந்த ஒழுங்கை வைத்தே ரவுட்டர் அவற்றை இனம் காண்கிறது. கண்டதும் 10 நொடிக்குள் சேனலைக் காலி செய்ய வேண்டும். அடுத்த 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது.

போகுமுன் ரவுட்டர் தன் புதிய சேனல் எண்ணைக் கருவிகளுக்கு அறிவிக்கும். அறிவிப்பைக் கேட்டு உடன் செல்லும் போன்களில் ஒரு சிறு தடங்கலோடு முடிந்துவிடும். சில கருவிகள் அதைத் தவறவிட்டு, இணைப்பை இழந்து, முதலிலிருந்து தேடும். புதிய சேனலும் ரேடார் பகுதியில் இருந்தால் மேலும் ஒரு நிமிட மௌனம் கூடும். உண்மையில் ரேடார் இல்லாமலும் இது நேரலாம். சிதைந்த வைஃபை சிக்னலோ வேறு மின்காந்த இரைச்சலோ ரேடார் துடிப்பைப் போல் ரவுட்டருக்குத் தோன்றிவிடும்.

ஒரு வீட்டின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். ரவுட்டரில் சேனல் ‘தானியங்கி’, அகலம் 160 மெகாஹெர்ட்ஸ். அது 100ஆம் சேனலைத் தேர்ந்திருக்கிறது. மாலையில் வீடியோ அழைப்பு உறைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இருந்த எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த அடையாளம் முக்கியமானது. இணையமே போயிருந்தால் வைஃபை பெயர் மறையாது. ஒரே ஒரு போன் மட்டும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த போனில். ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்தால் சந்தேகம் தீரும். லினக்ஸ் அடிப்படையிலான பல ரவுட்டர்களில் வரி இப்படி இருக்கும்:

```
DFS-RADAR-DETECTED freq=5500 ht_enabled=1 chan_offset=0 chan_width=5 cf1=5570 cf2=0
```

முதல் சொற்கள் ரேடார் கேட்டதைச் சொல்கின்றன. freq=5500 என்பது 100ஆம் சேனல்; 5000த்துடன் சேனல் எண்ணின் ஐந்து மடங்கைக் கூட்டினால் அலைவரிசை கிடைத்துவிடும். cf1=5570 என்பது தொகுதியின் நடுப்புள்ளி. அதன் இருபுறமும் 80 மெகாஹெர்ட்ஸ் விரிந்தால் 5490 முதல் 5650 வரை வருகிறது. அதாவது திரையில் 100 என்று காட்டினாலும், இந்த வைஃபை வானிலை ரேடாருக்கான 120 முதல் 128 வரையிலான இடத்தையும் சேர்த்தே பிடித்திருக்கிறது.

இந்த அகலம்தான் பலரும் கவனிக்காமல் விடும் இடம். சேனலை 36க்கு மாற்றிவிட்டு அகலத்தை 160இலேயே வைத்தால் சிக்கல் தீராது. அந்தத் தொகுதி 64 வரை நீள்வதால் மேல்பாதி ரேடார் பகுதிக்குள் விழும். எனவே இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்: சேனல் 36, அகலம் 80. அப்போது 36 முதல் 48 வரை மட்டுமே பயன்படும். அங்கே அக்கம்பக்கத்து வைஃபை அதிகம் என்றால் 149ஐ 80 அகலத்துடன் வைக்கலாம். அது 161 வரை போகும். ஐரோப்பாவில் 149 முதலான சேனல்கள் பல ரவுட்டர்களில் தேர்வில் வராது என்பதால் அங்குள்ளவர்களுக்கு 36தான் வழி. தானியங்கித் தேர்வை விட மனமில்லாதவர்கள், ரேடார் சேனல்களை விலக்கும் வசதி தங்கள் ரவுட்டரில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அகலத்தைப் பாதியாக்கினால் உச்ச வேகமும் பாதியாகும். இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 6 போனில் 2402 மெகாபிட் என்று காட்டிய எண் 1201 ஆகும். வீட்டு இணைய இணைப்பு 200 மெகாபிட் என்றால் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கோப்புகளை அனுப்புவோர் மட்டுமே அதை உணர்வர்.

உண்மையான விலை நெரிசல். ரேடார் தொல்லையில்லாத 80 மெகாஹெர்ட்ஸ் தொகுதிகள் இரண்டே. பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா வீடுகளும் அவற்றிலேயே கூடினால் வேகம் குறையும். அங்கே அகலத்தை 40ஆகக் குறைத்தால் இடம் ஓரளவு பிரியும். பதிவேட்டில் வாரக்கணக்கில் ரேடார் வரியே இல்லையென்றால் ரேடார் சேனலில் தொடர்வதிலும் தவறில்லை. பெரும்பாலும் அதுவே அமைதியான இடம். மெஷ் வைஃபை வைத்திருப்போர் மட்டும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெட்டிகளை இணைக்கும் இணைப்பு ரேடார் சேனலில் இருந்தால், ஒரு துடிப்பில் வீட்டின் பல அறைகள் சேர்ந்தே விழும்.

ரவுட்டரில் நாட்டின் பெயரை மாற்றி ரேடார் கட்டுப்பாட்டை ஏய்க்கலாம் என்று சிலர் சொல்லித்தருவதுண்டு. அது சட்டமீறல், விமானங்களைக் காக்கும் ரேடாரின் கண்ணை மறைக்கவும் கூடும். 36க்கு மாற இரண்டு நிமிடம் போதும் என்றிருக்கும்போது அதைச் செய்ய எந்த நியாயமும் இல்லை.