வியாழன் மாலை அனுப்பிய பணம்

வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வார இறுதியில் நின்றுபோவதற்கு முதல் காரணம், இரு நாட்டு வங்கிகளும் ஒரே நாளில் திறந்திருக்காததுதான். தோஹாவில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஒரு தந்தையை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் இருக்கும் மகளுக்கு வியாழக்கிழமை கடும் வயிற்றுவலி வருகிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் குடல்வால் வீங்கியிருப்பதாகவும், காலையிலேயே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். தனியார் மருத்துவமனை, எண்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி அட்மிஷன் போடச் சொல்கிறது.

இரவு ஏழு மணிக்குத் தந்தை தன் வங்கியின் செயலியில், மனைவியின் கணக்குக்கு 'ஸ்விஃப்ட்' முறையில் பணம் அனுப்புகிறார். கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டதாக உடனே குறுஞ்செய்தி வருகிறது. பணம் கிளம்பிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தச் செய்தி சொல்வது, அவர் கணக்கில் கழித்தாயிற்று என்பதை மட்டுமே. வங்கியின் அன்றைய வெளிநாட்டுப் பரிமாற்ற நேரம் மாலைக்கு முன்பே முடிந்துவிட்டது. கத்தாரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அதனால் அந்த உத்தரவு ஞாயிறு காலை வரை தோஹாவிலேயே கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை இந்திய வங்கி திறந்திருக்கிறது, ஆனால் அனுப்ப வேண்டியவர்களுக்கு விடுமுறை. மறுநாள் இரண்டாம் சனி. 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் இந்திய வங்கிகளும் இயங்குவதில்லை. ஞாயிறன்று தோஹா வங்கி திறக்கும்போது திருச்சியில் விடுமுறை. ஆக, இரு பக்கமும் வேலை நடக்கும் முதல் நாள் திங்கள். பணம் டாலராகி நியூயார்க் வங்கி வழியாக வருவதாக இருந்தால், அங்கும் சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் இன்னும் ஒரு நாள் கூடலாம்.

இந்தியாவுக்குள் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நெஃப்ட், இந்திய வங்கிகளுக்குள் வந்துவிட்ட ரூபாயை மட்டுமே நகர்த்தும். தோஹாவில் நிற்கும் ரியாலைத் தொட அதனால் முடியாது.

பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடைகள் வேறு வழியில் இயங்குகின்றன. அவை ஓர் இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்து, அதில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கின்றன. தோஹாவில் ஒருவர் ரியால் கட்டியதும், திருச்சிக்கான ரூபாய் அந்த இருப்பிலிருந்து நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் மூலம் போய்விடும். இந்தத் தந்தை வெள்ளி மாலை அப்படியொரு கடைக்குப் போயிருந்தால் அன்றிரவே பணம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கும் ஒரு வரம்பு உண்டு. சம்பள நாளையொட்டி வரும் வார இறுதியில் எல்லோரும் அனுப்பினால் அந்த இருப்பு தீர்ந்துபோகும். அதை நிரப்பும் பணம் வங்கி வேலை நாளில்தான் வரும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்னைக்கே கணக்குல ஏறிடுமா?" என்பது.

விடுமுறை போக இன்னொரு தடங்கலும் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும்: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பாஸ்புக்கில் வெறும் இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்து மனைவியின் பெயரை முழுதாக எழுதி அனுப்பினால், கணக்கு எண் சரியாக இருந்தாலும் இந்திய வங்கி விளக்கம் கேட்டு நிறுத்தி வைக்கலாம். இரண்டில் எதனால் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, அனுப்பிய வங்கியிடம் யுஇடிஆர் எனப்படும் 36 எழுத்து கொண்ட எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதை வைத்து, பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று வங்கியால் பார்க்க முடியும். புறப்படவே இல்லை என்றால் விடுமுறை; இந்திய வங்கியை எட்டியும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பெயரோ ஆவணமோ.

பதற்றத்தில் முதல் பரிமாற்றத்தை ரத்து செய்யச் சொல்வது பயன் தராது. அந்தக் கோரிக்கையையும் ஞாயிறன்று வங்கி திறந்த பிறகுதான் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்தில் பெண்ணின் தாய்மாமன் வெள்ளி காலை தன் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் மருத்துவமனைக்கே நேராகக் கட்டுகிறார். மருத்துவமனைகளுக்கான யுபிஐ வரம்பை 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஐந்து லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே இதே அறுவை சிகிச்சை முன்பணமின்றி நடக்கும்.

தோஹாவிலிருந்து கிளம்பிய பணம் திங்கள் மதியம் மனைவியின் கணக்கில் ஏறுகிறது. அதற்குள் சிறுமிக்கு அறுவை முடிந்து மூன்று நாள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் என்ஆர்இ கணக்கில் ஓர் அவசரத்துக்குப் போதுமான தொகையை ரூபாயாகவே வைத்து, உள்ளூரில் செலுத்தும் அதிகாரத்தை மனைவிக்கோ பெற்றோருக்கோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது வங்கிக் கிளைக்கு நேரில் போய் இதை முடித்துவிடுங்கள்.