பி.டி.எஃப். பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

பணம் கொடுத்து முடிந்த பில்லின் குறுக்கே சிவப்பு மையில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று ஸ்டாம்பு குத்துவது அரசு அலுவலகங்களிலும் கடைகளிலும் நெடுங்கால வழக்கம். பணம் கொடுத்ததை நினைவு வைத்துக்கொள்வதற்காக மட்டும் அவ்வாறு குத்துகிறார்கள் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் முதல் வேலை வேறு. அந்தப் பில்லைக் 'கெடுத்து' விடுவதே அதன் வேலை. மை காகிதத்தின் நாரில் ஊறிவிடும். அதே பில்லை மறுமுறை நீட்டிப் பணம் கேட்க எவராலும் இயலாது. அரசுக் கணக்கில் இதனை 'ரத்து செய்தல்' என்றே சொல்வார்கள்.

இன்று பில்கள் காகிதத்தில் வருவது குறைந்து, பி.டி.எஃப். கோப்பாக வருகின்றன. விடுமுறை நாட்களில் நம் ஊர்த் தேரடி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி வருகிறேன். நான் சேர்வதற்கு முன்பு அங்கே ஒரு நிகழ்ச்சி நடந்தது. 4,000 ரூபாய்ச் சரக்கும் 18 விழுக்காடு வரியும் சேர்த்து 4,720 ரூபாய்க்கு ஒரு பில் வாட்ஸப்பில் வந்தது. பணம் அனுப்பினார்கள். கணினியில் அந்தப் பில்லின் மேல் ஒரு ஸ்டாம்பும் வைத்தார்கள். மாதக் கடைசியில் அதே பில் மின்னஞ்சலில் மறுபடியும் வந்தது. அதில் ஸ்டாம்பு ஏது? மீண்டும் 4,720 ரூபாய் போய்விட்டது. காகிதத்தில் ஒரு பில் ஒன்றே ஒன்றுதான். கோப்பிலோ எத்தனை பிரதி வேண்டுமானாலும் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, பி.டி.எஃப். ஸ்டாம்பைச் செய்வது எப்படி, அது எவ்வளவு தூரம் நம்மைக் காக்கும் என்பவற்றை இனிக் காண்போம்.

ஒட்டுவது வேறு, அச்சாவது வேறு

பி.டி.எஃப். பக்கத்தில் ஸ்டாம்பு இருவகையாக அமையலாம். முதல் வகை, பக்கத்தின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது. பி.டி.எஃப். படிக்கும் மென்பொருளில் 'Stamp' என்ற கருவியை எடுத்து வைத்தால் கிடைப்பது இதுவே. பக்கத்தின் உள்ளடக்கத்தோடு அது கலப்பதில்லை. குறிப்பாகத் தனியே நிற்கும். 2008-இல் பி.டி.எஃப். அமைப்பு ஐ.எஸ்.ஓ. 32000 என்ற உலகத் தரமாக வெளியாயிற்று. அத்தரத்தில் இத்தகைய ஸ்டாம்புக்கென்று Approved, Draft, Sold முதலான 14 பெயர்கள் தரப்பட்டுள்ளன. 'பணம் செலுத்தப்பட்டது', 'பெறப்பட்டது' ஆகிய இரண்டும் அப்பட்டியலில் இல்லை. ஆகவே நமக்கு வேண்டிய ஸ்டாம்பை நாமே செய்துகொள்ளுதல் நலம்.

இரண்டாம் வகை, ஸ்டாம்பின் கோடுகளும் எழுத்துகளும் பக்கத்தின் உள்ளடக்கத்தோடு சேர்ந்துவிடுவது. காகிதத்தில் மை ஊறுவதற்கு ஒப்பானது இது.

ஒரு ஸ்டாம்பு எந்த வகை என்று அறிவது எளிது. ஸ்டாம்பின் மேல் சுட்டியை வைத்து ஒருமுறை அழுத்துங்கள். அதைச் சுற்றிக் கட்டம் தோன்றி, Delete விசையைத் தட்டியதும் மறைந்தால் அது ஒட்டிய சீட்டு. அடோபி ரீடரில் அச்சிடும்போது 'Comments & Forms' என்ற இடத்தில் 'Document' என்று மட்டும் தேர்ந்திருந்தால், ஒட்டிய ஸ்டாம்பு காகிதத்தில் வரவே வராது. திரையில் சிவப்பாகத் தெரிந்தது அச்சில் காணாமற் போவதன் காரணம் இதுவே.

ஸ்டாம்பைச் செய்தல்

நான் பயன்படுத்துவது லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருள். ஏ4 அளவில், அதாவது 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உள்ள வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டும். அதில் 60 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரத்தில் ஒரு பெட்டி வரைய வேண்டும். கோடு சிவப்பாகவும் 1 மி.மீ. தடிப்பாகவும் இருக்கட்டும். பெட்டியின் உட்புறத்துக்கு வண்ணமே கூடாது. 'None' என்று வைக்க வேண்டும். இது மிக முக்கியம். வெள்ளை வண்ணம் நிரப்பினால், பில்லின் மேல் விழும்போது அடியிலுள்ள தொகையை அது மறைத்துவிடும். நம் திரையில் இரண்டும் வெள்ளையாகவே தெரிவதால் பிழை கண்ணில் படாது. பில்லின் மேல் வைத்த பின்னரே தெரியவரும்.

பெட்டிக்குள் முதல் வரியில் 'பணம் செலுத்தப்பட்டது' என்றும், இரண்டாம் வரியில் தேதியையும் எழுத வேண்டும். பிறகு F4 விசையை அழுத்தினால் இடமும் அளவும் குறிக்கும் பலகை வரும். பக்கத்தின் இடப்புறத்திலிருந்து 130 மி.மீ., மேலிருந்து 230 மி.மீ. என்று இடம் கொடுத்தேன். எங்கள் கடைக்கு வரும் பில்களில் மொத்தத் தொகை அந்த இடத்தில்தான் அமைகிறது. சாய்வு 10 பாகை கொடுத்தேன். பில்லில் உள்ள கோடுகள் எல்லாம் கிடையாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், சாய்ந்த ஸ்டாம்பு மட்டும் தனியே கண்ணில் படும். இறுதியில் இதை paid.pdf என்ற பெயரில் பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்துகொண்டால் ஸ்டாம்பு தயார்.

தேதிக்கு என்ன செய்வது? கடைகளில் உள்ள தேதி ஸ்டாம்பில் காலையில் சக்கரத்தைத் திருப்பி வைப்பார்கள் அல்லவா? அதைப் போலவே தினமும் மூலக் கோப்பில் தேதியை மட்டும் மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்தால் போதும். அன்றைய பில்கள் அனைத்துக்கும் அந்த ஒரே கோப்பு உதவும்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'செ' என்ற எழுத்தைக் கணினி 'ச' முதலிலும் ஒற்றைக் கொம்பு அடுத்ததாகவும் சேமித்து வைக்கிறது. காட்டும்போதுதான் கொம்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டாம்பு செய்யும் சில எளிய நிரல்கள் இந்த மாற்றத்தைச் செய்வதில்லை. அவற்றில் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே ஸ்டாம்பு செய்தவுடன் 'செலுத்தப்பட்டது' என்பதில் 'செ'யையும், 'பெறப்பட்டது' என்பதில் 'பெ'யையும் உற்றுப் பார்ப்பது நல்லது.

பில்லின் மேல் வைத்தல்

ஸ்டாம்பைப் பக்கத்தோடு சேர்க்க க்யூ.பி.டி.எஃப். என்ற இலவச நிரல் உள்ளது. பில் bill.pdf என்ற கோப்பில் இருக்கிறது என்று கொள்வோம். கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் போதும்:

```
qpdf bill.pdf --overlay paid.pdf --to=1 -- bill-paid.pdf
```

`--overlay` என்பது ஸ்டாம்பை மேலே வை என்று பொருள்படும். `--to=1` என்பது முதல் பக்கத்தில் மட்டும் வை என்பதாகும். மூன்று பக்கப் பில்லில் தொகை மூன்றாம் பக்கத்தில் இருந்தால் `--to=3` என்று எழுத வேண்டும். விளைவு bill-paid.pdf என்ற புதிய கோப்பாக வரும். அதைத் திறந்து ஸ்டாம்பின் மேல் அழுத்திப் பாருங்கள். கட்டம் தோன்றாது, Delete விசைக்கும் அது அசையாது.

இதே நிரலில் `--underlay` என்ற சொல்லும் உண்டு. அது ஸ்டாம்பைப் பக்கத்தின் அடியில் வைக்கும். கைப்பேசியால் படம் பிடித்த பில்லுக்கு அதைப் பயன்படுத்தினால் ஸ்டாம்பு தெரியவே தெரியாது. ஏனெனில் அங்கே பக்கம் முழுவதும் ஒரே படம்; ஸ்டாம்பு அப்படத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பக்க அளவையும் கவனிக்க வேண்டும். நம் ஸ்டாம்பு ஏ4 பக்கத்துக்கு அளந்து செய்தது. அதில் பாதியளவான ஏ5 பில்லில் வைத்தால், ஸ்டாம்பு அளவும் இடமும் மாறித் தொகையை விட்டு விலகலாம். அப்படிப்பட்ட பில்கள் அடிக்கடி வந்தால், ஏ5 அளவில் இன்னொரு ஸ்டாம்புக் கோப்பு வைத்துக்கொள்வதே வழி.

முன்பே ஒட்டிய ஸ்டாம்புகள் உள்ள கோப்புகளையும் பக்கத்தோடு சேர்த்துவிடலாம்:

```
qpdf --flatten-annotations=all old.pdf new.pdf
```

ஸ்டாம்பு வைக்கக்கூடாத கோப்பு

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலால் இ-சேவை வழியாக முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன். அது மின்கையொப்பம் இட்ட பி.டி.எஃப். கோப்பு. இத்தகைய கையொப்பத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்ட மதிப்பு அளித்துள்ளது. கோப்பிலுள்ள எண்களைக் கொண்டு கணக்கிட்டு ஒரு சுருக்க எண் பெறப்படுகிறது. கையொப்பம் அந்தச் சுருக்க எண்ணின் மேல் அமைகிறது. கோப்பில் ஓரிடம் மாறினாலும் கணக்கு ஒத்துவராது.

அத்தகைய சான்றிதழை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் ஒன்று, மேற்சொன்ன கட்டளையால் அதன் மேலேயே 'பெறப்பட்டது' என்று ஸ்டாம்பு வைத்தால் என்ன ஆகும்? க்யூ.பி.டி.எஃப். கோப்பு முழுவதையும் புதிதாக எழுதுகிறது. சான்றிதழில் உள்ள சொற்கள் அப்படியே இருக்கும். ஆனால் கையொப்பம் செல்லாததாகிவிடும். அந்த அலுவலகம் பிரதியை மட்டும் வைத்திருந்தால், உண்மையான சான்றிதழையும் திருத்திய சான்றிதழையும் வேறுபடுத்திக் காட்ட வழியிராது. ஆகவே கையொப்பமிட்ட கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, அதனுடன் வந்த விண்ணப்பக் கடிதத்தின் மேல் 'பெறப்பட்டது' ஸ்டாம்பை வைப்பதே முறை. சில பில்களும் மின்கையொப்பத்துடன் வருவதுண்டு. அவற்றுக்கும் இதுவே பொருந்தும். மூலக் கோப்பு ஓரிடத்திலும் ஸ்டாம்பு வைத்த பிரதி வேறிடத்திலும் இருக்கட்டும்.

4,720 ரூபாய்க்கு விடை

பக்கத்தோடு சேர்ந்த ஸ்டாம்பு இருந்திருந்தால் அந்த 4,720 ரூபாய் தப்பியிருக்குமா? தப்பியிராது. நம் கோப்பில் எவ்வளவு அழுத்தமாகக் குத்தினாலும், அனுப்பியவரிடம் உள்ள பிரதி சுத்தமாகவே இருக்கிறது. மை செய்த 'கெடுக்கும்' வேலையை இங்கே வேறொன்று செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் கடையில் இப்போது ஸ்டாம்பு வைத்த கோப்புக்கு, விற்றவர் பெயர், பில் எண், பணம் கொடுத்த தேதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெயரிடுகிறோம். அவற்றையே ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதுகிறோம். புதிய பில் எதுவாயினும், பணம் அனுப்புமுன் விற்றவர் பெயரையும் பில் எண்ணையும் பதிவேட்டில் தேடிப் பார்க்கிறோம். தொகையை வைத்துத் தேடுவதில்லை. ஒரே தொகைக்கு இரண்டு நேர்மையான பில்கள் வரக்கூடும். ஒருவரே ஒரு நிதியாண்டில் ஒரே எண்ணில் இரண்டு வரிப் பில்கள் போடுவது முறையன்று. எனவே எண் ஒத்திருந்தால் அது பழைய பில்லேதான்.

காகிதக் காலத்தில் ஸ்டாம்பு காவலாகவும் பதிவேடு நினைவாகவும் இருந்தன. பி.டி.எஃப். காலத்தில் பதிவேடு காவலாகிவிட்டது. ஸ்டாம்பு, அந்தப் பதிவேட்டைப் பாருங்கள் என்று சொல்லும் அடையாளமாக நிற்கிறது.