பிராதில் விடுபட்டதை எப்போது சேர்க்கலாம்?

சொத்து வழக்குகளில் சிலர் உரிமை இருந்தும் தோற்றுப்போகிறார்கள். கேட்க வேண்டியதைப் பிராதில் கேட்காமல் விட்டதே பல நேரம் காரணம்.

ஓர் உதாரணம். வாப்பாவின் சொத்தில் பாகப்பிரிவினையில் கிடைத்த பத்து சென்ட் இடத்தில் பக்கத்துக்காரர் வேலி போட வருகிறார். மகள், "என் அனுபவத்தில் தலையிடக்கூடாது" என்று தடை உத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போடுகிறார். பிரதிவாதியோ தன் பதிலுரையில், "இடமே என்னுடையது" என்கிறார். உரிமையே கேள்விக்குள்ளாகிவிட்டதால் தடை உத்தரவு மட்டும் போதாது; உரிமை விளம்புகையும் கேட்க வேண்டும். இதற்கிடையில் அவர் இடத்தைப் பிடித்துவிட்டால், சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்கும்படியும் கேட்க வேண்டும்.

இதற்கு வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 6 விதி 17-இன் கீழ் திருத்த மனு. எந்தப் பத்தியில் எந்த வரி மாறுகிறது, ஏன் முன்பே சேர்க்கவில்லை என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். புதுப் பரிகாரத்துக்குக் கூடுதல் நீதிமன்றக் கட்டணம் வரலாம். மனு அனுமதிக்கப்பட்டாலும் வேலை முடியவில்லை. நீதிமன்றம் குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் 14 நாளுக்குள், பிராதில் திருத்தத்தைச் செய்துவிட வேண்டும்.

விசாரணை தொடங்கும் முன் திருத்தம் பெறுவது எளிது. வாதி தன் முதல் விசாரணைப் பிரமாண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்வதே விசாரணையின் தொடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியது. அதன்பின், உரிய அக்கறை காட்டியும் முன்பே கொண்டுவர முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். 2002 ஜூலை முதல் நடப்பில் உள்ள நிபந்தனை இது. "வக்கீல் மறந்துவிட்டார்" என்பது பெரும்பாலும் எடுபடாது.

சர்வே எண்ணில் எழுத்துப்பிழை போன்ற தவறைத் தாமதமானாலும் திருத்த அனுமதிப்பதுண்டு. வேறொரு இடத்தையே உள்ளே கொண்டுவருவதும், எதிர்த்தரப்புக்குச் சாதகமாக ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுவதும் அப்படியல்ல. காலவரையறை கடந்துவிட்ட கோரிக்கையையும் பொதுவாக ஏற்பதில்லை. விளம்புகைக்குப் பொதுவாக 3 ஆண்டு. உரிமையின் பேரில் சுவாதீனம் மீட்க 12 ஆண்டு.

நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வசந்தா எதிர் ராஜலட்சுமி வழக்கைப் பாருங்கள். 1993-இல் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில் விளம்புகை கேட்டார்கள். சொத்து பிறர் கையில் இருந்தும் சுவாதீனம் கேட்கவில்லை. ஆயுள் உரிமை பெற்றிருந்தவர் 2004-இல் இறந்த பிறகும் பிராதைத் திருத்தவில்லை. ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 34ஆம் பிரிவு, கேட்கக்கூடிய மேல் பரிகாரத்தைக் கேட்காமல் விளம்புகை மட்டும் தரத் தடை விதிக்கிறது. காலவரையறையோடு இதையும் சுட்டி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை நிராகரித்தது. வழக்கின் வயது அப்போது 31.

ஆகவே, பதிலுரை வந்த வாரமே அதன் நகலை வாங்கி வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். "எதை மறுத்திருக்கிறார்கள்? சொத்து இன்று யார் கையில் இருக்கிறது?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், பிராதில் என்ன குறைகிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

— செயலாளர்