கடலா, மலையா? மழலைகளுடன் முதல் விடுமுறை

பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: போர்ட்டிக்சனா, கேமரன் மலையா? கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைகள் இருந்தால், ஊரின் அழகைவிட அங்குப் போகும் சாலையை முதலில் பார்க்க வேண்டும்.

கிள்ளானில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு வயது ஒன்றரை, மூன்று. தங்குவது இரண்டு இரவு. போர்ட்டிக்சனுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மதியத் தூக்க நேரத்தில் புறப்பட்டால் ஓர் உறக்கத்தில் பயணம் முடிந்துவிடும்.

கேமரன் மலைக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில் வளைவுகள் அதிகம். பொதுவாக இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே வாந்தி வரும். அதனால் இந்த வீட்டில் தொல்லை மூத்த பிள்ளைக்குத்தான். முகம் வெளுப்பது, கொட்டாவி, காரணமில்லாத சிணுங்கல் ஆகியவை முன் அறிகுறிகள். உடனே பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்த வேண்டும். சிம்பாங் பூலாய் வழி சுற்று என்றாலும் சாலை அகலம், வளைவுகள் குறைவு.

கடலுக்கும் விலை உண்டு. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தைவிட்டு நகர முடியாது. காலை பத்து மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டுமே கரையில் இறங்குவது நல்லது. மலையில் அந்த வெயில் கவலை குறைவு.

இரண்டே இரவு என்றால் இக்குடும்பத்துக்குக் கடல்தான் ஏற்றது. நான்கு நாள் கிடைத்தால், வழியில் ஈப்போவில் ஓர் இரவு தங்கி மலையேறலாம்.