மணிக்கட்டுக்கு எது வரலாம், எது போகலாம்?

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு ஃபிட்னஸ் பேண்ட் அனுப்பியிருந்தான். அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனபோது அது மேசை டிராயரில் கிடந்தது. "கையில வண்டு உக்கார்ந்த மாதிரி சும்மா சும்மா அதிருதும்மா. சொந்தக்காரங்க குரூப்புல யாராவது குட்மார்னிங் போட்டாக்கூட அதிருது" என்றார். இன்னொன்றும் சொன்னார். பேருந்தில் போய்க்கொண்டே போனில் ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார். ஓடிபி எண் மணிக்கட்டில் மின்னியிருக்கிறது. "ஐயா, ஓடிபி வந்திருக்கு பாருங்க" என்று பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சொன்னாராம்.

பழுது பேண்டில் இல்லை. முதல் நாள் செயலி கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பா "Allow" அழுத்தியிருந்தார். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அதை முதலிலிருந்து இணைத்தோம். இம்முறை எல்லாவற்றுக்கும் முதலில் மறுப்பு, தேவை வந்தால் மட்டும் அனுமதி என்று வைத்துக்கொண்டோம். மறுத்தால் பேண்ட் கெட்டுப்போகாது. அந்த ஒரு வசதி மட்டும் வேலை செய்யாது. எப்போது வேண்டுமானாலும் செட்டிங்ஸில் போய் அனுமதியை மாற்றிக்கொள்ளலாம்.

இணைப்பதில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். புளூடூத் இயர்போனை இணைப்பதுபோல, போனின் புளூடூத் பட்டியலில் பேண்டின் பெயரைத் தேடி அழுத்திவிடுகிறார்கள். இணைந்ததுபோல் காட்டும், ஆனால் நடை எண்ணிக்கை போனுக்கு வராது. பேண்டைத் தயாரித்த நிறுவனத்தின் செயலியை பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, அதற்குள்ளிருந்துதான் "Add device" கொடுக்க வேண்டும். தவறாக இணைத்திருந்தால், புளூடூத் பட்டியலில் அந்தப் பெயருக்கு "Forget" கொடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். வேறொரு போனுடன் ஏற்கெனவே இணைந்திருக்கும் பேண்டும் புதிய போனின் கண்ணில் படாது. பழைய போனில் அதை நீக்கிய பிறகே தெரியும்.

இந்தக் கட்டத்தில் ஆண்ட்ராய்டு 12-க்கும் அதற்குப் பிந்தைய போன்களுக்கும் தேவைப்படுவது "Nearby devices" என்ற அனுமதி. பழைய போன்களில் புளூடூத் சாதனத்தைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி வேண்டும். அதனால் அங்கே லொக்கேஷன் கேட்டால் பயப்பட வேண்டாம். "While using the app" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்து வயது, உயரம், எடை கேட்கும். இவற்றைச் சரியாகக் கொடுங்கள். பல பேண்டுகள் 220-லிருந்து வயதைக் கழித்துத்தான் உச்ச இதயத்துடிப்பைக் கணக்கிடுகின்றன. அப்பாவுக்கு அது 150. அவரோ பிறந்த ஆண்டை மாற்றாமல் விட்டிருந்ததால், செயலி அவரை 25 வயதுக்காரராக எண்ணி 195 என்று வைத்திருந்தது. அவர் மூச்சு வாங்க நடந்தபோதெல்லாம் "லேசான பயிற்சி" என்று காட்டியதன் காரணம் அதுதான். முழுப் பெயரும் புகைப்படமும் எந்தக் கணக்குக்கும் தேவையில்லை. அவற்றை விட்டுவிட்டோம்.

இனி, அந்த வண்டு. பேண்டுக்குச் சொந்தமாக எந்தச் செய்தியும் வருவதில்லை. போனில் வரும் அறிவிப்பைச் செயலி படித்து மணிக்கட்டுக்கு அனுப்புகிறது. அதற்கு "Notification access" என்ற அனுமதி வேண்டும். இதைக் கொடுத்தால் வங்கிச் செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் என்று போனில் வரும் அறிவிப்புகளைப் படிக்கும் சாவியைக் கொடுத்ததாக அர்த்தம். எந்தெந்தச் செயலியின் அறிவிப்பு மணிக்கட்டுக்கு வர வேண்டும் என்று பேண்ட் செயலிக்குள் தனியாக ஒரு பட்டியல் இருக்கும். அங்கே நீங்கள் நிறுத்துவது மணிக்கட்டில் தெரிவதைத்தான். சாவி செயலியிடமே இருக்கிறது. ஆகவே, பெட்டியில் இருக்கும் கியூஆர் கோடு பிளே ஸ்டோருக்குப் போகாமல் ஏதோ ஒரு தளத்திலிருந்து செயலியை இறக்கச் சொன்னால், அந்த பேண்டை மணி பார்க்கவும் நடையை எண்ணவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பட்டியலில் அழைப்பையும் மாத்திரை நினைவூட்டலையும் வைத்தோம். எஸ்எம்எஸ்ஸை நிறுத்தினோம், ஓடிபி அதன் வழியாகத்தான் வருகிறது. வாட்ஸ்அப் வேண்டும் என்றார், பேத்தி படம் அனுப்புவாளாம். சரி என்று வாட்ஸ்அப்பை வைத்துவிட்டு, குரூப்புகளைப் போனிலேயே "Archive" செய்தோம். போனில் அறிவிப்பு வராதது கைக்கும் வராது. அழைப்பவரின் பெயர் தெரிய காண்டாக்ட்ஸ் அனுமதி கேட்டது. அதை அப்பா விரும்பியே கொடுத்தார். கொடுக்காவிட்டால் வெறும் எண் மட்டும் வரலாம், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அறிவிப்பே வராமல் போனால் பேண்டைக் குறைசொல்ல வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கும். செயலியின் பேட்டரி அமைப்பை "Unrestricted" என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உடல்நலத் தகவல் வெளியே போவது இன்னொரு வழியில். ஆண்ட்ராய்டு போன்களில் Health Connect என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 14-லிருந்து அது போனோடு சேர்ந்தே வருகிறது. ஒரு செயலி சேர்த்த தகவலை இன்னொரு செயலி எடுத்துக்கொள்ளும் இடம் அது. அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுச் செயலி, தினமும் நடந்தால் புள்ளிகள் தருவதாகச் சொல்லி அங்கே வந்து நின்றது. நடை, இதயத்துடிப்பு, தூக்கம், எடை நான்கையும் கேட்டது. மேலே "Allow all" என்ற பொத்தான். அதைத் தொடாமல் நடையை மட்டும் திறந்துவிட்டோம். புள்ளிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நடைக்குப் பரிசு தர இரவுத் தூக்கம் எதற்கு? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அனுமதி கொடுத்த நாளிலிருந்து மட்டுமல்ல, அதற்கு முந்தைய 30 நாள் தகவலையும் அந்தச் செயலி படிக்க முடியும். ஐபோனிலும் ஆப்பிள் ஹெல்த் இதேபோல ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கேட்கும்.

நடக்கும் பாதையை வரைபடத்தில் பதிவதையும் நிறுத்திவிட்டோம். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி நிறுவனம், தன் பயனர்கள் ஓடிய பாதைகளைப் பெயரில்லாமல் ஒன்றாகத் தொகுத்து உலக வரைபடமாக வெளியிட்டது. ஆளில்லாத பாலைவனங்களில் ஒளிக்கோடுகள் தெரிவதை 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டினார். அவை ராணுவ முகாம்களில் வீரர்கள் ஓடிய தடங்கள். தினமும் காலை ஐந்தரைக்கு ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் கோடு, அது யாருடைய வீடு என்பதைப் பெயர் இல்லாமலே சொல்லிவிடும். அடிகளை எண்ண லொக்கேஷன் தேவையே இல்லை, பேண்டின் அசைவு உணரி போதும்.

பேண்டை வேறு யாருக்காவது கொடுக்கும்போது மூன்று வேலை உண்டு. செயலியில் அதை நீக்குங்கள், பேண்டை "Factory reset" செய்யுங்கள், செயலியின் கணக்குப் பகுதியில் உங்கள் தகவலை அழிக்கச் சொல்லுங்கள். போனிலிருந்து செயலியை மட்டும் நீக்கினால், நிறுவனத்தின் கணினியில் சேர்ந்த தகவல் அங்கேயே இருக்கும்.

அப்பா இப்போது பேண்டைக் கழற்றுவதில்லை. நாளைக்கு ஏழெட்டு முறைதான் அது அதிர்கிறது, அத்தனையும் அவருக்கு வேண்டியவை. உங்கள் வீட்டிலும் யாராவது கையில் பேண்ட் கட்டியிருந்தால், இன்றே அவர் போனை வாங்கி Health Connect-ஐ ஒருமுறை திறந்து பாருங்கள். கொடுத்த அனுமதியை நிறுத்துவது எளிது. ஆனால் அதற்குள் அந்தச் செயலி எடுத்துப்போன தகவல், அனுமதியை நிறுத்துவதால் திரும்பி வராது.