நூல் தட்டுப்பாடும் புதிய தேதியும்: வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம்

பட்டுநூல் வரத்துக் குறைந்து தறிகள் நிற்கும் காலத்தில், சங்கத்தின் காரியதரிசிக்கு இரண்டு வேலைகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, நூலைத் தேடிப் பிடிப்பது. மற்றது, முன்பணம் கொடுத்துக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்குத் தாமதத்தைத் தெரிவிப்பது. முதல் வேலைக்கு ஓடியாடும் நாம், இரண்டாவதைப் பெரும்பாலும் கடைசி நாள் வரையில் ஒத்திப்போடுகிறோம். பிறகு, "தவிர்க்க இயலாத காரணங்களால் சற்றுத் தாமதமாகும், விரைவில் அனுப்புகிறோம்" என்று இரண்டு வரி எழுதுகிறோம். வாங்குவோருக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. அவர் அறிய விரும்புவது புடவை எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பது ஒன்றே. அந்தத் தேதியைக் கணக்கிடும் முறையையும், அதைக் கடிதத்தில் எழுதும் முறையையும் இங்கே ஓர் உதாரணத்தைக் கொண்டு காண்போம்.

காஞ்சிபுரம் வகைக் கோர்வைப் புடவை நெய்யும் ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். ஜூன் 10-ஆம் தேதி தருவதாக ஒப்புக்கொண்ட இருபது புடவைகள் அதன் ஆர்டர் புத்தகத்தில் இருக்கின்றன. இன்று மே 2-ஆம் தேதி. கையிருப்பில் உள்ள கச்சாப் பட்டு எட்டுக் கிலோ. கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே எட்டுக் கிலோ, சாயச்சாலையிலிருந்து ஆறு கிலோவாகத்தான் திரும்பும். பாவுக்கும் ஊடைக்குமாகப் புடவை ஒன்றுக்கு அரைக் கிலோ என்று கொண்டால், இது பன்னிரண்டு புடவைகளுக்குப் போதும். எட்டுப் புடவைகளுக்கு நூல் இல்லை.

இங்கே முதலில் எழும் கேள்வி, இருக்கும் நூல் யாருக்கு என்பது. ஆர்டர் புத்தகத்தின் வரிசைப்படி கொடுப்பது நியாயம்போல் தோன்றும். ஆனால் புடவைகள் எல்லாம் ஒரே தேவைக்கு வாங்கப்படுவன அல்ல. நம் உதாரணத்தில் பன்னிரண்டு பேர் ஆனி மாதத்து முகூர்த்தத்துக்காகக் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு முகூர்த்தம் ஆவணியில். மூவர் நாள் எதுவும் குறிப்பிடவில்லை. முகூர்த்தப் புடவை முகூர்த்தத்துக்கு மறுநாள் வந்தால் அது எவ்வளவு நேர்த்தியானதாயினும் வேண்டாத பொருளே. எனவே கையிலுள்ள நூலை ஆனிக்காரர் பன்னிரண்டு பேருக்கும் ஒதுக்குவதே முறை. அவர்களுடைய தேதி மாறாது, கடிதமும் வேண்டியதில்லை. எஞ்சிய எட்டுப் பேருக்குத்தான் எழுத வேண்டும். இவர்களுள் நாள் குறிப்பிடாத ஒருவர், இருபது பேருக்கும் முந்தி ஆர்டர் கொடுத்தவராக இருக்கக்கூடும். வரிசைப்படி அவருக்கு உரிய நூலையே நாம் பிறருக்குத் தருகிறோம். ஆதலால் அவரிடம் முன்கூட்டியே பேசி இசைவு பெறுவது அவசியம். அவருக்கும் ஏதேனும் விசேஷம் இருந்து, அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அடுத்தது தேதி. நூல் எப்போது வரும் என்று முறுக்காலைக்காரரைக் கேட்டால், "பத்து நாளில்" என்பார். அந்தச் சொல்லை நம்பித் தேதி எழுதுவது ஆபத்து. அவரிடம் வேறொரு கேள்வி கேட்கவேண்டும்: வரவேண்டிய பட்டு இப்போது நூலாக இருக்கிறதா, கூடாக இருக்கிறதா, அல்லது இன்னும் புழுவாகவே இருக்கிறதா? இதற்கு விடை தெரிந்தால் மீதியைப் புழு வளர்க்கும் நம் அங்கத்தினர்களே கணித்துச் சொல்லிவிடுவார்கள்.

கோடைத் தட்டுப்பாட்டின் காரணம் அவர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். தண்ணீர் குறைந்தால் மல்பெரி இலை முற்றி ஈரம் இழக்கிறது. வளர்ந்த புழுவுக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரி. புழுமனையில் அது முப்பதைக் கடந்து நிலைத்துவிட்டால் புழு சரியாகத் தின்னாது, நோய்ப்படும். தப்பிப் பிழைத்தவை கட்டும் கூடும் மெலிந்திருக்கும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குச் சாதாரணமாக ஆறரை முதல் எட்டுக் கிலோ வரை கூடு வேண்டும். மெலிந்த கூடாயின் இன்னும் அதிகமாகும். கூட்டின் வரத்துக் குறைவதோடு, வந்த கூட்டில் நூலும் குறைவதால் தட்டுப்பாடு இரு மடங்காக உறைக்கிறது. இது புழு வளர்ப்போர் குற்றமும் அன்று, நெசவாளர் குற்றமும் அன்று.

நம் உதாரணத்துக்கு வருவோம். விசாரித்ததில், நமக்கு வரவேண்டிய பட்டு இன்னும் புழுமனையில் இருக்கிறது. புழுக்கள் இப்போதுதான் மூன்றாம் தோலுரிப்பைக் கடந்திருக்கின்றன என்று தெரிகிறது. இனி நான்காம் பருவமும் ஐந்தாம் பருவமும் கழியப் பன்னிரண்டு நாள் வேண்டும். கூடு கட்டி அறுவடைக்கு வர ஒரு வாரம். ஆக, மே 21-ஆம் தேதி அளவில் கூடு கிடைக்கும். அதை விற்று, புழுக்கொன்று உலர்த்தி, நூற்று, முறுக்கேற்றிக் கொண்டுவரப் பத்து நாள். மே 31-ஆம் தேதி நூல் சங்கத்துக்கு வரும். "பத்து நாள்" என்று கேட்ட பேச்சு ஏறக்குறைய ஒரு மாதமாக நீண்டுவிட்டது.

அங்கிருந்து தறி வரையில் கணக்கிடுவோம். பசை நீக்கிச் சாயமிட நான்கு நாள். நூல் இழைத்துப் பாவு ஓடி, தெருவில் நீட்டிக் கஞ்சியிட ஆறு நாள். பழைய பாவின் முனையோடு புதிய பாவைப் பிணைத்துத் தறியைச் சரிசெய்ய இரண்டு நாள். ஜூன் 13-ஆம் தேதி நெசவு தொடங்கும். கோர்வைப் புடவை ஒன்றுக்குப் பன்னிரண்டு நாள் என்று கொள்வோம்.

இவ்விடத்தில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஒரு பாவில் மூன்று புடவைகள் அடங்கினால், அவை மூன்றும் ஒரே நாளில் இறங்குவதில்லை. முதற்புடவை ஜூன் 24-ஆம் தேதியும், இரண்டாவது ஜூலை 6-ஆம் தேதியும், மூன்றாவது ஜூலை 18-ஆம் தேதியும்தான் முடியும். அறுத்துப் பரிசோதித்து மடித்து அனுப்ப ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு நாள். ஆகவே எட்டுப் பேருக்கும் ஒரே தேதியை எழுதுவது பிழை. மூன்று தறிகளில் பாவு ஏற்றினால் முதல் வரிசையில் மூன்றும், இரண்டாம் வரிசையில் மூன்றும், மூன்றாம் வரிசையில் இரண்டுமாகப் புடவைகள் இறங்கும். ஆவணி முகூர்த்தக்காரர் ஐவரையும் முதல் இரண்டு வரிசைகளில் அமர்த்தவேண்டும். ஒரு பாவில் உடல் நிறம் ஒத்த புடவைகளே சேரும் என்பதால், இந்த ஏற்பாட்டைப் பாவு ஓடுவதற்கு முன்பே, சாயச்சாலைக்கு நூல் போகும்போதே செய்துவிட வேண்டும். அதன்பின் மாற்ற வழியில்லை.

இத்துடன் பத்து நாள் கூட்டிக்கொள்வோம். மழை வந்தால் பாவு நீட்ட இயலாது. நெசவாளர் வீட்டில் யாரேனும் நோயுறலாம். புழு ஒரு பருவத்தில் சுணங்கலாம். இவற்றுக்கான இடைவெளி இது. கூட்டினால் கிடைக்கும் மூன்று தேதிகள்: ஜூலை 6, ஜூலை 18, ஜூலை 30. ஆடியில் கல்யாணம் இல்லாததால் நமக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. இரண்டாம் வரிசைப் புடவை ஜூலை 18-ஆம் தேதி போய்ச் சேர்ந்தாலும், ரவிக்கை தைக்க ஆவணிக்கு முன் நான்கு வாரம் இருக்கிறது. கணக்கில் வந்த தேதி முகூர்த்தத்தை ஒட்டியோ, அதற்குப் பின்போ விழுந்தால், அந்த வாடிக்கையாளருக்குப் புதிய தேதி எழுதலாகாது. "எங்களால் இயலாது" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தருவதே அவருக்குச் செய்யும் உதவி. மே மாதத்தில் தெரிந்தால் அவர் வேறிடம் வாங்கிக்கொள்வார். ஜூலையில் தெரிந்தால் திண்டாடுவார்.

இனிக் கடிதத்தை எழுதுவது எளிது. ஆவணி முகூர்த்தக்காரர் ஒருவருக்கு இவ்வாறு எழுதலாம்:

"அன்புடையீர், வணக்கம். தாங்கள் கேட்டிருந்த அரக்குநிறக் கோர்வைப் புடவையை ஜூன் 10-ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருந்தோம். அந்தத் தேதியில் தர இயலாமைக்கு மிகவும் வருந்துகிறோம். கோடை வெப்பத்தில் பட்டுக்கூடு விளைச்சல் குறைந்து, தங்கள் புடவைக்கு வேண்டிய நூல் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. மே மாத முடிவில் வருமென்று எதிர்பார்க்கிறோம். அதன்பின் சாயமிட்டு நெய்து, ஜூலை 18-ஆம் தேதிக்குள் புடவையைத் தங்களிடம் சேர்ப்போம். தங்கள் இல்லத்து முகூர்த்தம் ஆவணியில் என்று குறித்துவைத்திருக்கிறோம். நூலின் தரமும் சரிகையும் விலையும் பேசியபடியே இருக்கும். இந்தத் தேதி தங்களுக்கு ஒவ்வாவிடில், மே 15-ஆம் தேதிக்குள் தெரிவித்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம். அல்லது சங்க விற்பனை நிலையத்தில் தயாராக உள்ள புடவையை அந்தத் தொகைக்கு ஈடுசெய்து எடுத்துக்கொள்ளலாம். நூல் வந்து சேர்ந்ததும் மறுபடி தகவல் தருவோம்."

இதில் காரணம் இரண்டே வாக்கியம். அதை நீட்டினால் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும். சொல்லாமலே விட்டால் அசட்டை என்று படும். வருத்தம் ஒருமுறை, தெளிவாகச் சொல்லப்படுகிறது. தேதி ஒன்றே ஒன்று. "ஜூலை நடுவில்" என்றோ "ஓரிரு வாரம் முன்பின்" என்றோ இல்லை. பதில் சொல்ல மே 15 என்று நாள் வைத்ததற்கும் காரணம் உண்டு. நூல் சாயச்சாலைக்குப் போகுமுன் யார் இருக்கிறார், யார் விலகினார் என்பது நமக்குத் தெரிந்தாகவேண்டும்.

விலையைப் பற்றிய வரியைச் சிலர் தயங்கி விட்டுவிடுவார்கள். தட்டுப்பாட்டில் நூல் விலை ஏறுகிறது. சங்கத்துக்கு நஷ்டம் நேரலாம். ஆயினும் ஒப்புக்கொண்ட ஆர்டரின் விலையை மன்னிப்புக் கடிதத்தில் உயர்த்துவது தகாது. அவ்வாறே, ஊடையில் இழையைக் குறைத்தோ மலிந்த நூலைக் கலந்தோ பழைய தேதியைக் காப்பாற்ற முயல்வதும் தகாது. அப்படி நெய்த புடவையைத் தராசில் வைத்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். மடிப்பில் துவண்டும் தெரியும். தாமதத்தை மன்னிக்கும் வாடிக்கையாளர் இதை மன்னிப்பதில்லை.

கடிதமாயினும் கைபேசிச் செய்தியாயினும், தாமதம் உறுதியான அன்றே அனுப்பவேண்டும். முகூர்த்தக்காரருக்கு முதலில் பேசிவிட்டுப் பிறகு எழுதுவது நலம். நூல் சொன்ன நாளில் வராவிட்டால், கூட்டிவைத்த பத்து நாளில் எத்தனை கரைந்தது என்று பார்க்கவேண்டும். ஐந்து நாள் கரைந்தவுடனே முறுக்காலைக்காரரிடம் ஆள் அனுப்பி நேரில் பார்த்துவரச் செய்வோம். பத்தும் கரையுமென்று தெரிந்தால், நெசவு தொடங்கும் வரை காத்திராமல் அப்போதே வாடிக்கையாளரிடம் பேசுவோம். ஆர்டர் புத்தகத்தில் ஒப்புக்கொண்ட தேதி, தெரிவித்த புதிய தேதி, உண்மையில் கொடுத்த தேதி என மூன்று பத்திகள் கோடிட்டு வைத்தால், அடுத்த கோடையில் பத்து நாள் கூட்டுவதா, பதினைந்து நாள் கூட்டுவதா என்பதை அந்தப் புத்தகமே நமக்குச் சொல்லும்.