ஓய்வுபெறும் ஆசிரியருக்கு ஒரு கடிதமும் மூன்று புத்தகங்களும்

1957 அக்டோபரில் ஆல்பெர் காம்யுவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆரவாரம் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19 அன்று அவர் தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிகச் சிறிய கடிதம்தான். செய்தி கேட்டதும் முதலில் தாயையும் அடுத்தபடியாக ஆசிரியரையும் நினைத்ததாகச் சொல்லி, ஏழைச் சிறுவனாக இருந்த தனக்கு அவர் கைகொடுத்திராவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது என்று அதில் எழுதியிருந்தார்.

இது சம்பிரதாயப் பேச்சு அல்ல. முதல் உலகப் போரில் தந்தை இறந்தபோது காம்யுவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தவர், காதும் சரியாகக் கேட்காது. பையன் சீக்கிரம் சம்பாதிக்கப் போகவேண்டும் என்பது பாட்டியின் எண்ணம். ஜெர்மேன் வீட்டுக்கே போய்ப் பேசி, உதவித்தொகைத் தேர்வுக்குப் பையனைத் தயார் செய்தார். அந்தக் கடிதத்தின் பலமே இதுதான்: அதிலுள்ள நன்றியை வேறு எந்த ஆசிரியருக்கும் திருப்பி அனுப்ப முடியாது.

நம் பள்ளிகளில் பணி நிறைவு விழா என்றால் மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் என்று எல்லாம் குறைவின்றி நடக்கும். ஆனால் அந்த மடலில் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டு ஓய்வுபெறுபவருக்கும் அது பொருந்திவிடும். அதனால்தான் பழைய மாணவர் ஒருவர் தனியாக எழுதும் கடிதத்துக்கு இடமிருக்கிறது. விழா நாளன்று அதைக் கொடுத்தால் பரிசுப் பொட்டலங்களோடு அதுவும் கட்டப்பட்டுவிடும். பள்ளி திறந்து, அவர் மட்டும் வீட்டில் இருக்கும் ஜூன் மாதத்தில் தபாலில் போய்ச் சேர்வது நல்லது.

கடிதத்தோடு புத்தகங்களைப் பரிந்துரைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களைப் படிக்கச் சொன்னவருக்கு, 'இதைப் படியுங்கள்' என்று மாணவர் சொல்கிறார். காரணம் சொல்லாமல் சொன்னால் அது வீட்டுப்பாடம் போலாகிவிடும். எனவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் இது ஏன் உங்களுக்கு, எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம், எந்த இடத்தில் கொஞ்சம் கடினமாக இருக்கும் என்ற மூன்றையும் எழுதவேண்டும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் ஓய்வுபெறுகிறார். பத்தாம் வகுப்போடு நின்றுவிட இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய், அவளுடைய அப்பாவிடம் பேசி, பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வைத்தவர் அவர். அந்தப் பெண் இப்போது எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

அவள் முதலில் சொல்லவேண்டிய புத்தகம் காம்யுவின் 'முதல் மனிதன்'. க்ரியா வெளியீடாக வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. காம்யு 1960 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தபோது உடனிருந்த பையில் இதன் கையெழுத்துப்படி கிடைத்தது. அச்சாகி வந்ததோ 1994இல். திருத்தி முடிக்கப்படாத நாவல் என்பதால் வாக்கியங்கள் சில இடங்களில் நீண்டு ஓடும். ஆகவே முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லக் கூடாது. அவள் இப்படி எழுதலாம்:

"டீச்சர், இதில் பள்ளிக்கூடத்தைப் பற்றி வரும் அத்தியாயத்தை முதலில் எடுங்கள். ஒரு வாத்தியார் பையனின் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பேசுகிறார். எங்கள் வீட்டுத் திண்ணையில் நீங்கள் உட்கார்ந்து அப்பாவிடம் பேசியது எனக்கு அப்படியே தெரிந்தது. அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது உங்களுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்காகவே டீச்சர் புத்தகத்தைத் தேடி எடுப்பார். அதே நாவலில், வகுப்பில் வாசித்துக் காட்டிய ஒரு போர்க்கால நாவலைக் கேட்டுப் பையன் அழுததை நினைவில் வைத்திருந்து, அவன் வளர்ந்து பார்க்க வரும்போது ஆசிரியர் அந்தப் பிரதியையே அவனிடம் கொடுக்கிறார். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்த புத்தகத்தை அங்கே பார்க்கிறோம். இங்கே அது எதிர்த்திசையில் போகிறது.

இரண்டாவது, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இது கனத்த புத்தகம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். ஆனால் 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர் என்பதால் 122 அத்தியாயங்களும் தனித்தனியாக, ஒரு மூச்சில் படிக்கும் அளவில் இருக்கின்றன. 1942இல் அவர் மறைந்ததால் கதை பாதியில் நின்றுவிடும். இதையும் முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

தமிழ் டீச்சருக்கு என்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதிகளைக் காட்டலாம். கணக்கு டீச்சருக்கு 1880இல் நடப்பதைக் காட்டுவது பொருத்தம். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது, தன் இடத்துக்கு சாமிநாதையர்தான் வரவேண்டும் என்று தானே முன்னின்று முயல்கிறார். வேலையை விட்டுப்போகும் ஒருவர் தன் வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று படும் கவலை அங்கே இருக்கிறது. சாமிநாதையர் பின்னாளில் செட்டியாரின் வரலாற்றையும் எழுதினார். கண் பார்வை மங்கியவர் என்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதியை எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

மூன்றாவது புத்தகம் இலேசானதாக இருக்கட்டும். டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' 1981இல் ஜப்பானில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. சின்னச் சின்ன அத்தியாயங்கள், பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டவும் வசதி. வேறு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி பேசப் பேச, தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் இடம்தான் தொடக்கம். ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த அந்த டோமோயே பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. கோபயாஷி 1963இல் இறந்தார்; தன்னைப் பற்றி மாணவி எழுதிய புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. இதை மட்டும் எழுதினால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

எவற்றைத் தவிர்ப்பது என்பதும் முக்கியம். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒவ்வோர் ஆசிரியரும் படிக்கவேண்டிய கதை. ஆனால் கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் மாணவியின் கதையை ஓய்வுபெறும் நாளில் கொடுத்தால், தான் எப்போதோ ஓங்கிய பிரம்பை நினைவூட்டுகிறார்களோ என்று அவர் மனம் வாடக்கூடும். கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' நான்காம் வகுப்பு ஒன்றில் ஓராண்டு நடக்கும் கல்விச் சோதனையைச் சொல்வது. அது வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியருக்குப் பொருத்தம். நீரிழிவு, முதுமை, மன அமைதி பற்றிய கையேடுகளும் வேண்டாம். அவர் ஓய்வுபெறுகிறார், நோயாளி ஆகவில்லை.

மூன்றுக்கு மேல் போனால் அது பட்டியலாகிவிடும். ஒரு புத்தகத்தை வாங்கிக் கடிதத்தோடு வைத்து, மற்ற இரண்டும் எந்த நூலகத்தில் அல்லது கடையில் கிடைக்கும் என்று எழுதுவது போதும். முகவரியும் கைப்பேசி எண்ணும் கடிதத்தின் அடியில் இருக்கட்டும். படித்த ஆண்டும் பிரிவும்கூட. ஒரே பெயரில் பல மாணவிகளைப் பார்த்தவருக்கு '10 ஆ பிரிவு, ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு' என்றால்தான் முகம் நினைவுக்கு வரும்.